ஓட்டோக்காரர் கையில் மிஞ்சுவது எவ்வளவு?

“திருகோணமலையில் ஓட்டோ ஓடுகிறவர் நாளுக்கு ஆறாயிரம் ரூபாய் வீட்டுக்குக் கொண்டுபோகிறார்.”

இது தவறு; அந்தத் தொகை பயணிகள் கொடுத்த மொத்தப் பணம் மட்டுமே. வாடகை வண்டி ஓடுகிறவர் ஒருவர் உரிமையாளருக்கு நாளொன்றுக்கு 1,500 ரூபாய் கொடுக்கிறார், லீற்றருக்கு 25 கிலோமீற்றர் ஓடுகிறது, பெற்றோல் 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நகரத்திலிருந்து நிலாவெளிக்கு ஆள் ஏற்றிப் போனால் ஏறத்தாழ 15 கிலோமீற்றர்; திரும்பும்போது பெரும்பாலும் பின்னிருக்கை வெறுமையாகவே இருப்பதால், ஒரு வழிக் கூலிக்கு 30 கிலோமீற்றர் எரிபொருள், அதாவது 360 ரூபாய், போய்விடுகிறது. இப்படி 120 கிலோமீற்றர் ஓடிய நாளில் பெற்றோலுக்கு 1,440 ரூபாய் ஆகும். ஆறாயிரத்தில் மிஞ்சுவது 3,060.

அதுவும் நல்ல நாளின் கணக்கு. மாரி மழையில் 70 கிலோமீற்றர் ஓடி 3,200 ரூபாய் மட்டும் கிடைத்தால் பெற்றோல் செலவு 840 ஆகக் குறையும், ஆனால் வாடகை ஒரு ரூபாயும் குறையாது, மிஞ்சுவது 860. ஓட்டுநரை உண்மையில் நெருக்குவது இந்த நிலையான வாடகைதான் என்பேன். மதியச் சாப்பாடும் தேநீரும் இந்த 860க்குள்ளேயே அடங்க வேண்டும்.