மானிடைசேஷன் மறுப்பு மெயிலில் எதைப் படிக்க வேண்டும்?

யூடியூப் மானிடைசேஷன் மறுக்கப்பட்டவர்கள் அனுப்பும் அப்பீல்களில் அடிக்கடி தென்படும் வாதம், "என் சேனல்ல ஒரு காப்பிரைட் ஸ்ட்ரைக்கூட கிடையாது". அந்த மெயில் காப்பிரைட்டைப் பற்றிப் பேசவே இல்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னால் மறுபடியும் அதே மெயில்தான் வரும்.

மெயிலில் பொதுவாக எந்த வீடியோவில் சிக்கல் என்று இருக்காது. எந்தக் கொள்கை என்பது மட்டும் இருக்கும். அது போதும். Reused content என்று இருந்தால் கேள்வி இதுதான்: மற்றவருடைய காட்சியை எடுத்திருக்கிறாய், அதில் உன் பங்கு என்ன? உரிமையாளரிடம் அனுமதி வாங்கியிருந்தாலும் இந்தக் கேள்வி அப்படியே நிற்கும். Inauthentic content (2025 ஜூலை வரை இதன் பெயர் Repetitious content) என்றால் கேள்வியே வேறு: ஒரே அச்சில் வார்த்த வீடியோக்களில் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் என்ன வித்தியாசம்?

ஒரு சேனலை எடுத்துக்கொள்வோம். பட டிரெய்லர்களை வெட்டி, மேலே தன் குரலில் விமர்சனம் சொல்கிறார். வந்தது Reused content. இவர் "எல்லாமே வேற வேற படம் சார்" என்று வாதாடினால் வீண். அது இரண்டாவது கேள்விக்கான பதில். மைக் முன்னால் பேசுவதையும், எழுதிய ஸ்கிரிப்ட்டையும், எடிட்டிங் டைம்லைனில் தன் குரல் டிராக் எங்கே ஓடுகிறது என்பதையும் காட்ட வேண்டும். அப்பீல் வீடியோ 5 நிமிடத்துக்குள், அன்லிஸ்டடாக, அதற்கென்றே புதிதாக எடுத்ததாக இருக்க வேண்டும். முதல் 30 வினாடிக்குள் சேனல் முகவரி தெரிய வேண்டும். ஒரு வீடியோவை மட்டும் தூக்கிப் பிடிக்காமல் சேனல் முழுவதையும் பற்றிப் பேச வேண்டும். ரிவ்யூவில் பார்ப்பது சேனலின் மையக்கரு, அதிகம் பார்க்கப்பட்டவை, புதியவை, வாட்ச் டைமில் பெரும்பங்கு தருபவை, தலைப்பும் விவரக்குறிப்பும்.

இங்கேதான் பலருக்கு இடறுகிறது. இவருடைய வாட்ச் டைமில் பாதியைத் தருவது, குரலே இல்லாமல் இசையோடு போட்ட ஒரு பழைய தொகுப்பு என்று வையுங்கள். மற்ற வீடியோக்களில் என்ன உழைத்திருந்தாலும் கண்ணில் படுவது அதுதான். அப்போது அப்பீல் செய்வது என் பார்வையில் தவறான முடிவு. அப்பீல் என்றால் "சேனல் இப்போது இருக்கிறபடியே சரி, நீங்கள் தவறாகப் பார்த்தீர்கள்" என்று பொருள். இங்கே அவர்கள் சரியாகத்தான் பார்த்திருக்கிறார்கள். அந்தத் தொகுப்பை நீக்கிவிட்டு, மறுவிண்ணப்பத்துக்குக் காத்திருப்பதே வழி. நீக்கினால் அதன் பொது வாட்ச் டைமும் தகுதிக் கணக்கிலிருந்து போய்விடும். வரம்புக்குக் கீழே இறங்குமா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்பீலுக்கு 21 நாள் அவகாசம். மறுவிண்ணப்பம் முதல் மறுப்பு என்றால் 30 நாள் கழித்து, அடுத்தடுத்த மறுப்பு என்றால் 90 நாள் கழித்து.