சந்தை கொடுத்துவிட்ட லாபத்தை நீங்கள் எப்படி வாங்குவீர்கள்?

மெர்ஜர் செய்தி வந்ததும் பங்கு வாங்கச் சொல்லும் ஒரு யூடியூப் வீடியோவைப் பற்றிப் போன பதிவில் எழுதினேன், இனி பேசவே கூடாது என்றுதான் இருந்தேன். நேற்று அதே ஆள் இரண்டாவது பாகம் போட்டிருக்கிறார். அதில் "சில பேர் புத்தகம் படிச்சுட்டு பயப்படுவாங்க" என்று ஒரு வரி. யாரைச் சொல்கிறார் என்று என் பக்கத்தைப் படிப்பவர்களுக்குத் தெரியும். போகட்டும்.

அவர் சொல்வது இதுதான்: மெர்ஜர் செய்தி வந்தால் வாங்கப்படுகிற கம்பெனியின் பங்கு ஏறும், வாங்குகிற கம்பெனியின் பங்கு இறங்கும். ஆகவே செய்தி வந்ததும் முதலாவதை வாங்கு.

முதல் பாதி பெரும்பாலும் உண்மை. "ஆகவே" என்ற சொல்லில்தான் வண்டி கவிழ்கிறது. ஏறுவது நடந்து முடிந்த பிறகுதான் உங்கள் கைக்கே செய்தி வருகிறது. நீங்கள் வாங்குவது அந்த ஏற்றத்தை அல்ல, அது போக மிச்சம் இருப்பதை. அந்த மிச்சத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது.

அவரே காட்டிய உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். 2022 ஜனவரி 18. வீடியோ கேம் கம்பெனியான ஆக்டிவிஷன் பிளிசார்டை, அதன் பங்கு ஒன்றுக்கு மைக்ரோசாஃப்ட் 95 டாலர் ரொக்கமாகக் கொடுத்து வாங்கப்போவதாக அறிவிப்பு. அதற்கு முந்தைய வர்த்தக நாளில் ஆக்டிவிஷன் முடிந்த விலை 65.39. அறிவிப்பு நாளில் முடிந்தது 82.31. ஒரே நாளில் 26 சதவீதம். வீடியோவில் இந்த இடத்தில் ராக்கெட் சத்தம் வருகிறது.

சரி, 95 ரொக்கமாக வரப்போகிறது என்றால் விலை ஏன் 82-இல் நின்றது? உலகத்தில் யாருக்குமே கழித்தல் தெரியாதா? பெரிய ஃபண்டுகளில் இதை மட்டுமே தொழிலாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். கிட்டத்தட்ட 13 டாலரைத் தரையில் கிடக்கவிட்டு அவர்கள் போவார்களா?

அந்த 13 டாலர்தான் சந்தேகத்தின் விலை. டீல் நடந்தால் 82.31-இல் வாங்கியவருக்கு 12.69 லாபம். உடைந்து பங்கு பழைய விலைக்கே போனால் 16.92 நஷ்டம். இந்த இரண்டையும் தராசில் வைத்து, அதாவது 16.92-ஐ இரண்டின் கூட்டான 29.61-ஆல் வகுத்துப் பார்த்தால், டீல் முடியும் என்பதற்கு அன்று சந்தை கொடுத்த வாய்ப்பு நூற்றுக்குச் சுமார் 57. அவ்வளவுதான். ராக்கெட் இல்லை, பாதிக்குக் கொஞ்சம் மேல். (உடைந்தால் சரியாக 65.39-க்கே போகும் என்று யாரும் எழுதித் தரவில்லை. அதனால் இது தோராயக் கணக்குதான். ஆனாலும் ராக்கெட் சத்தத்தை விட மேல்.)

சந்தேகம் சும்மா வரவில்லை. அமெரிக்காவின் போட்டி ஆணையமான எஃப்டிசி டீலைத் தடுக்க வழக்குப் போட்டது. 2023 ஏப்ரல் 26 அன்று பிரிட்டனின் போட்டி ஆணையம் டீலைத் தடுத்ததும் ஆக்டிவிஷன் ஒரே நாளில் சுமார் 11 சதவீதம் விழுந்தது. ஜூலையில் அமெரிக்க நீதிமன்றம் எஃப்டிசியின் தடைக் கோரிக்கையை நிராகரித்ததும் சுமார் 10 சதவீதம் ஏறியது. கடைசியில் டீல் முடிந்தது அக்டோபர் 13.

"முடிஞ்சுதே சார், 95 வந்துதே" என்று போன பதிவில் பதினெட்டு பேர் கேட்டிருந்தீர்கள். வந்தது. 82.31-க்கு 95 என்றால் 15 சதவீதம், இருபத்தொரு மாதத்தில். டிவிடெண்ட் கொஞ்சம் உண்டு. இதற்காக நடுவில் அந்த 11 சதவீத நாளை விற்காமல் தாண்டியிருக்க வேண்டும். பதினெட்டு பேரில் எத்தனை பேர் தாண்டியிருப்பீர்கள்? நான் தாண்டியிருக்க மாட்டேன். ஒப்புக்கொள்கிறேன்.

அப்புறம், "மைக்ரோசாஃப்ட் 2.4 சதவீதம் விழுந்தது, டீல் மோசம் என்று சந்தை சொல்லிவிட்டது" என்ற இரண்டாவது முத்து. அன்றைக்கு அமெரிக்கச் சந்தையின் நாஸ்டாக் குறியீடே 2.6 சதவீதம் விழுந்திருந்தது! ஊரே மழையில் நனைந்த நாளில் ஒருவன் சட்டையைக் காட்டி இவன் மட்டும் குளத்தில் விழுந்தான் என்பதா? அறிவிப்பின் விளைவைப் பார்க்க வேண்டுமானால் சந்தையின் அசைவை முதலில் கழிக்க வேண்டும். கழித்தால் அன்று மைக்ரோசாஃப்டில் ஒன்றுமே இல்லை. அத்தனை பெரிய கம்பெனிக்கு 68.7 பில்லியன் டாலர் டீல் பங்கு விலையை ஆட்டும் அளவுக்குப் பெரிதில்லை.

வாங்குகிறவர் நிஜமாகவே விழும் இடம் வேறு, அது ரொக்கத்துக்குப் பதில் தன் பங்கையே விலையாகக் கொடுக்கும் டீல். தன் பங்கு விலை அதிகம் என்று நிர்வாகமே நினைப்பதால்தான் அதைக் கொடுக்கிறதோ என்று சந்தைக்கு ஒரு சந்தேகம் வரும். அதோடு தொழில்காரர்கள் வாங்கப்படுகிறவரின் பங்கை வாங்கி, வாங்குகிறவரின் பங்கைக் கடன் வாங்கி விற்று ஷார்ட் அடிப்பார்கள், அந்த அழுத்தமும் சேரும்.

இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை, பணம் கட்டிப் படித்தேன். பெயர் வேண்டாம், சின்னக் கம்பெனிகள். வாங்கப்படுகிற கம்பெனியின் பங்கு ஐந்து கொடுத்தால் வாங்குகிறவரின் பங்கு இரண்டு வரும் என்று அறிவிப்பு. வாங்குகிறவர் விலை 500. அப்படியானால் நான் வாங்க நினைத்த, வாங்கப்படுகிற பங்கு ஒன்றுக்கு 200 மதிப்பு. அது முந்தின நாள் 160-இல் இருந்தது. காலை ஒன்பதேகாலுக்கு நான் ஆர்டர் போட்டபோது 190, நிறைவேறியது 196. நாலு ரூபாய் சும்மா கிடைக்கிறதே என்று டீ குடிக்கப் போனேன். டம்ளரை வைக்கும்போது வாங்குகிறவர் 450-க்கு வந்திருந்தார். ஐந்துக்கு இரண்டு என்றால் 180. என் பங்கு 174. 200 என்பது ரொக்கம் இல்லை, இன்னொருவர் முதுகில் கட்டிய மூட்டை என்று அன்று மதியம்தான் உறைத்தது. அந்த வாரம் முழுக்க வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

"ஹெச்டிஎஃப்சியில் ரெண்டும் ஏறுச்சே" என்பார்கள். ஏறியது. ஹெச்டிஎஃப்சியும் ஹெச்டிஎஃப்சி வங்கியும் இணையப்போவதாக அறிவிப்பு வந்த 2022 ஏப்ரல் 4, இரண்டுமே சுமார் 10 சதவீதம். இரண்டு வாரத்தில் வங்கியின் பங்கு அறிவிப்புக்கு முந்தைய விலைக்கும் கீழே போய்விட்டது. அன்று மேலே வாங்கியவர்களைக் கேளுங்கள்.

"இவ்வளவு தெரிஞ்ச நீ ஏன் இன்னும் இஎம்ஐ கட்டுற?" என்று கேட்டவருக்கு: வீடு வாங்கியதால்.

எனக்குக் கோபம் அந்த யூடியூபர் மேல்கூட இல்லை. அவருக்கு வியூ வேண்டும். ஆனால் போன மாதம் என் மச்சினன் போன் பண்ணினான். "மாமா, செய்தி வந்திருக்கு, போடலாமா?" என்றான். எந்த ஸ்கிரீனில் எத்தனை மணிக்குப் பார்த்தாய் என்று கேட்டேன். எரிச்சலாகிவிட்டான். "உங்களுக்கு எப்பவுமே சந்தேகம்தான் மாமா" என்று வைத்துவிட்டான். எனக்குத் தெரியாத வயசா அது? பிறகு தெரிந்தது, கேட்பதற்கு முன்பே போட்டுவிட்டுத்தான் கேட்டிருக்கிறான். சம்பளத்தில் ஒன்றரை மாதம்.

அந்தப் பங்கு இன்று அவன் வாங்கிய விலைக்கு ஒன்பது சதவீதம் கீழே. டீல் இன்னும் உடையவில்லை, ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது. நேற்று இரவு அந்த இரண்டாவது பாகத்தை எனக்கு அனுப்பி வைத்திருக்கிறான். கீழே ஒரு வரி: "இவர் பொறுமையா இருக்கச் சொல்றார் மாமா."