"2,500 முதல்" என்று போடாதீர்கள் டாக்டர்

போன வாரம் மறுபடியும் அதே சண்டை. ராமநாதபுரத்தில் ஒரு பல் கிளினிக்குக்கு இணையப் பக்கங்கள் எழுதி, வடிவமைத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். வேர் சிகிச்சைக்கான பக்கத்தை முடித்து டாக்டருக்கு அனுப்பினேன். திரும்பி வந்ததில் நான் எழுதியிருந்த மொத்தச் செலவைக் காணோம். அந்த இடத்தில் கொட்டை எழுத்தில் "வேர் சிகிச்சை ரூ.2,500 முதல்" என்று இருந்தது. இந்த "முதல்" என்ற ஒரு சொல்லைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரிகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

தங்கச்சிமடத்தில் இருக்கும் என் மதினிக்கு மாசி மாதம் கீழ்க் கடைவாய்ப் பல்லில் வலி. ராத்திரி படுத்தால் காதுவரை இழுக்கிற வலி. போனில் தேடி, வேறொரு கிளினிக்கின் பக்கத்தைப் பார்த்துவிட்டு, கையில் 3,000 ரூபாயோடு பஸ் ஏறினார். அங்கேயும் இதே "2,500 முதல்"தான். அது ஒரே வேர்க்குழாய் உள்ள முன்பல்லுக்கான தொகை. கடைவாய்ப் பல்லில் பெரும்பாலும் மூன்றோ நான்கோ குழாய் இருக்கும். ஒவ்வொன்றையும் தேடிப் பிடித்து, நீளம் அளந்து, அரத்தால் சுத்தம் செய்து, மருந்து விட்டுக் கழுவி அடைக்க வேண்டும். வேலையும் நேரமும் அதிகம், அதனால் ரேட்டும் அதிகம். இதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் அந்தப் பக்கத்தில் இப்படி ஒரு வரிகூட இல்லை. நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் 4,000 என்று தெரிந்தது. கம்மலை அடகு வைத்துக் கட்டினார்.

மூன்று தடவை போய் வந்தார், வலி போயிற்று. கடைசி நாளில்தான், வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது, "அடுத்த வாரம் வாங்கம்மா, கேப் போடணும், 4,000 ஆகும்" என்றார்களாம். மதினி என்னிடம் கேட்டது அப்படியே நினைவிருக்கிறது. "ஏந்தம்பி, வலியே இல்லையே, பொறவு எதுக்கு இன்னொரு நாலாயிரம்? பணம் புடுங்கத்தானே?"

நியாயமான கேள்வி. அதற்கான பதில் அவர் பார்த்த பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். இருந்தது என்ன தெரியுமா? "கிரீடம் பொருத்துதல் பரிந்துரைக்கப்படலாம்." கிரீடமாம்! ராமேசுவரத்திலிருந்து தொண்டிவரை கேட்டுப் பாருங்கள், பல்லுக்குக் கிரீடம் வைக்கப் போகிறேன் என்று சொல்கிற ஒரு ஆளைக் காட்டுங்கள். கேப் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். டாக்டரும் வாயால் கேப் என்றுதான் சொல்கிறார். எழுத்தில் மட்டும் எதற்கு இந்த வேஷம்? அதிலும் "பரிந்துரைக்கப்படலாம்" என்றால் படிக்கிறவர் என்ன புரிந்துகொள்வார்? வேண்டுமென்றால் போடலாம், வேண்டாமென்றால் விடலாம் என்றுதான்.

அப்புறம் ஏப்ரல் 15 வந்தது. மீன்பிடித் தடைக்காலம், ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குள் போக முடியாது. அண்ணன் கரையில். வீட்டில் அரிசி வாங்குவதே யோசனையாக இருக்கும்போது, வலிக்காத பல்லுக்கு 4,000 ரூபாயை யார் எடுத்து வைப்பார்கள்? தடை முடிந்து படகு போய் வந்தது. வீட்டில் நண்டுக் குழம்பு. மதினி அந்தப் பக்கத்துப் பல்லால் ஒரு நண்டுக் காலைக் கடித்தார். "டக்"கென்று சத்தம் கேட்டது என்றார். நண்டு ஓடு உடைந்த சத்தம் என்றுதான் முதலில் நினைத்தாராம். பல் மேலிருந்து கீழாக, ஈறுக்கு உள்ளே வரை இரண்டாகப் பிளந்திருந்தது. அப்படிப் பிளந்த பல்லை ஒட்ட வழியில்லை. எடுத்துவிட்டார்கள். அடகு வைத்துக் கட்டிய 4,000 அந்தப் பல்லோடு போயிற்று.

இதற்குக் காரணம் மதினியின் அலட்சியம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். வேர் சிகிச்சை செய்த கடைவாய்ப் பல் எப்படி இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். ஏற்கெனவே சொத்தை ஒரு பக்கத்தைத் தின்றிருக்கும். உள்ளே போக வழி வேண்டும் என்று டாக்டர் பல்லின் கூரையைத் துளைத்திருப்பார். மிச்சம் நிற்பது சுற்றுச்சுவர் மட்டும். நடுவில் அடைத்த சிமெண்ட் ஓட்டையை மூடும், ஆனால் சுவர்கள் விலகாமல் இழுத்துப் பிடிக்காது. மெல்லும் பாரம் முழுவதும் கடைவாய்ப் பல்லில்தான் இறங்குகிறது. கேப் என்பது அந்தச் சுவர்களைச் சுற்றிப் போடும் பூண். உலக்கைக்கு நுனியில் பூண் எதற்கு என்று நம் பாட்டிமார்களைக் கேட்டால் சொல்வார்கள். முன்பல்லில் நிறைய பாகம் மிச்சம் இருந்தால் பல நேரம் கேப் இல்லாமலே ஓட்டிவிடலாம். கடைவாய்ப் பல்லுக்கு அது பெரும்பாலும் சிகிச்சையின் பாதி. வலி நின்றுவிட்டது என்பதற்கு உள்ளே இருந்த நரம்பை எடுத்தாயிற்று என்றுதான் அர்த்தம், பல் பலமாகிவிட்டது என்று அர்த்தமில்லை. இதை எழுத நாலு வரி போதும். அந்த நாலு வரி இல்லாததால்தான் ஒரு பல் போயிற்று.

சரி, செலவுக்கு வருவோம். "வாயைப் பார்க்காமல் எப்படி ரேட் சொல்வது?" என்று டாக்டர் கேட்கிறார். எக்ஸ்ரே பார்க்காமல் ஒரே தொகையைச் சொல்ல முடியாது, அது உண்மைதான். ஆனால் எந்த எல்லைக்குள் வரும், எதனால் கூடும், எதனால் குறையும் என்று சொல்ல முடியுமே! அவருடைய ரேட் அட்டையையே வைத்து நான் கணக்குப் போட்டேன். கடைவாய்ப் பல் வேர் சிகிச்சை 4,000 முதல் 5,500 வரை. பல் பாதிக்கு மேல் உடைந்திருந்தால் கேப்புக்கு முன் சிமெண்ட் வைத்துக் கட்டி எழுப்ப 1,000. உலோகக் கேப் 2,000, உலோகத்தின் மேல் பல் நிறம் பூசியது 4,000, ஜிர்கோனியா என்கிற பீங்கான் வகைக் கேப் 8,000. ஆக, ஒரு கடைவாய்ப் பல்லை முழுதாக முடிக்க குறைந்தது 6,000, அதிகபட்சம் 14,500.

இதைக் கேட்டதும் டாக்டர், "இவ்வளவு அகலமா போட்டா யாரும் நம்ப மாட்டாங்க" என்றார். இரண்டு எண்ணை மட்டும் போட்டால் நம்ப மாட்டார்கள்தான். அதனால்தான் அதன் கீழே காரணத்தை எழுதினேன். இந்த 8,500 ரூபாய் வித்தியாசத்தில் 6,000 கேப்பின் வகையால் மட்டும் வருவது, அதைத் தேர்ந்தெடுப்பது நீங்கள். உள்ளே இருக்கும் பல்லுக்கு உலோகக் கேப்பே உறுதியானது, நிறம் மட்டும்தான் தெரியும். மீதி 2,500 உங்கள் பல்லின் நிலையைப் பொறுத்தது, அதை முதல் நாள் எக்ஸ்ரே பார்த்ததும் எழுதிக் கொடுத்துவிடுவோம். இவ்வளவுதான். இப்படி எழுதினால் தங்கச்சிமடத்தில் உட்கார்ந்தபடியே ஒருவர் முடிவு செய்ய முடியும்: தடைக்காலத்துக்கு முன்னால் முடித்துவிடலாமா, உலோகக் கேப் போதுமா, மூன்று தடவை பஸ் செலவு எவ்வளவு என்று. "2,500 முதல்" என்பதை வைத்து இதில் எதை முடிவு செய்வது?

இன்னொரு எரிச்சல், "வலியற்ற சிகிச்சை". எழுதாத கிளினிக் இல்லை. ஊசி போடும்போது சுருக்கென்று இருக்கும் என்று எழுதுங்கள். மரத்த பிறகு அழுத்தமும் அதிர்வும் தெரியும், வலி தெரியக்கூடாது, தெரிந்தால் கையைத் தூக்குங்கள், இன்னும் மருந்து போடுவோம் என்று எழுதுங்கள். கடுமையாக வலிக்கும் கீழ்க் கடைவாய்ப் பல் ஒரே ஊசியில் மரத்துப்போகாமல் இருக்கலாம், அது டாக்டர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதை முன்கூட்டியே சொன்னால் இரண்டாவது ஊசியை எடுக்கும்போது ஆள் பயப்பட மாட்டார்.

பின்கவனிப்பு என்ற பெயரில் எழுதுவது அதைவிட மோசம். "கடினமான உணவுகளைத் தவிர்க்கவும், வாய்ச் சுகாதாரத்தைப் பேணவும்." எந்த உணவு? எத்தனை நாள்? நான் நாளை வைத்துப் பிரித்து எழுதினேன். இன்று: உதடும் நாக்கும் மரத்திருக்கும், இரண்டு முதல் நான்கு மணி நேரம் ஆகலாம். அதுவரை எதையும் மெல்லாதீர்கள், சூடான டீ குடிக்காதீர்கள், கன்னத்தைக் கடித்தாலும் நாக்கு வெந்தாலும் உங்களுக்குத் தெரியாது. அடுத்த சில நாள்: கடித்தால் லேசாக வலிக்கும், அது நாளுக்கு நாள் குறைய வேண்டும், கூடினால் கூப்பிடுங்கள். அடுத்த தடவை வரும்வரை: தற்காலிக அடைப்பின் மேல் கொஞ்சம் தேய்ந்தால் பரவாயில்லை, மொத்தமாகக் கழன்று குழி தெரிந்தால் மறுநாளே வாருங்கள், எச்சில் உள்ளே போனால் சுத்தம் செய்த குழாயில் மறுபடி கிருமி சேரும். கேப் போடும்வரை: அந்தப் பக்கம் நண்டுக் கால், எலும்பு, முறுக்கு, சீடை கடிக்காதீர்கள். எந்த நாளானாலும்: முகம் வீங்கிக்கொண்டே போனால், காய்ச்சல் வந்தால், வாய் திறக்க முடியாவிட்டால் உடனே கூப்பிடுங்கள். விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் என்றால் எங்களுக்காகக் காத்திருக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இதைப் படிக்க ஒரு நிமிஷம் ஆகாது. எழுத எனக்கு நாலு நாள் ஆயிற்று, டாக்டரைத் துரத்தித் துரத்திக் கேட்டு. ஆனால் அவர் திருத்தியபோது நண்டுக் காலை எடுத்துவிட்டு "கடினமான உணவு" என்று மாற்றியிருந்தார், "புரொபஷனலா இல்ல" என்று ஒரு குறிப்போடு. கடலோரத்தில் கிளினிக் வைத்துக்கொண்டு, நண்டு என்று எழுதக் கூச்சப்பட்டால் யாருக்காக அந்தப் பக்கம்? நண்டு கடினமான உணவு என்று மதினிக்குத் தோன்றவே இல்லை. அவருக்கு அது தினப்படி சாப்பாடு.

நேற்று டாக்டருக்குப் போன் செய்தேன். நிறத்தை மாற்றுங்கள், படத்தை மாற்றுங்கள், பக்கத்தின் தலையில் உங்கள் போட்டோவை வையுங்கள், எதுவும் சொல்ல மாட்டேன். ஆனால் வேர் சிகிச்சையும் கேப்பும் சேர்த்த மொத்தத் தொகை மேலே இருக்க வேண்டும், நண்டுக் கால் இருக்க வேண்டும், "முதல்" போக வேண்டும், இல்லையென்றால் இந்த வேலை எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "யோசிச்சுச் சொல்றேன் தம்பி" என்றார். மதினி இப்போது இடப்பக்கம் மட்டும்தான் மெல்லுகிறார்.