ரெசிஸ்டர் இடம் மாறினால் எல்இடி கருகாது

பையன் பேட்டரி, சுவிட்ச், ரெசிஸ்டர், எல்இடி வைத்து வரைந்த சர்க்யூட் படத்தைப் பார்த்து ஒருவர் இப்படிச் சொல்லியிருக்கிறார்: "ரெசிஸ்டர் எல்இடிக்குப் பின்னால இருக்கு. கரண்ட் முதல்ல எல்இடிக்குப் போய்க் கருக்கிடும். படம் தப்பு."

படம் தப்புதான், காரணம் இதுவல்ல. ஒரே வளையத்தில் எல்லா இடத்திலும் ஒரே கரண்ட்தான். சிவப்பு எல்இடி சுமார் 2 வோல்ட் எடுத்துக்கொண்டால், 9 வோல்ட் பேட்டரியில் மீதி 7. 330 ஓம் ரெசிஸ்டருக்கு ஏறக்குறைய 21 மில்லிஆம்பியர். ரெசிஸ்டரை எந்தப் பக்கம் வைத்தாலும் இதே கணக்கு.

பேட்டரியில் நீளக் கோடுதான் பிளஸ். பையன் எல்இடி முக்கோணத்தின் முனையை அந்தப் பக்கமே திருப்பி வரைந்திருக்கிறான். கரண்ட் முனை காட்டும் திசையில்தான் போகும், அதனால் இப்படி இணைத்தால் எரியாது. எல்இடியைத் திருப்பி வரையச் சொல்லுங்கள்.

அப்புறம், சுவிட்ச் அருகே கோடுகள் வெட்டும் இடத்தில் இருப்பது இணைப்புப் புள்ளியா, மை சிந்தியதா? அவனிடமே கேட்க வேண்டும்.