80-ம் வேணாம், ஜீரோவும் வேணாம்

கோத்தகிரியில மெடிக்கல் ஷாப் வச்சிருக்கேன், அதனால இதைச் சொல்ற உரிமை எனக்கு உண்டுன்னு நெனைக்கிறேன், யாருக்காவது கோபம் வந்தா வரட்டும். கொலஸ்ட்ரால் மாத்திரையில நம்ம ஊர்ல ரெண்டு கூத்து நடக்குது. எல்டிஎல்ங்கற கெட்ட கொலஸ்ட்ரால் இறங்கலன்னா டோஸ டபுள் ஆக்கறது ஒண்ணு, கால் வலிச்சா யார்கிட்டயும் சொல்லாம மாத்திரையவே நிறுத்திடறது இன்னொண்ணு. ரெண்டும் ஒரே ஆளுக்கு வரிசையா நடந்த கதை இது.

தேயிலை பேக்டரியில வேலை பார்த்து ரிட்டயர் ஆன அண்ணன் ஒருத்தர், கோயமுத்தூர்ல ஸ்டென்ட் வச்சிட்டு வந்தவரு. அட்டோர்வாஸ்டேட்டின் 40 சாப்பிட்டு எல்டிஎல் 86. ஸ்டென்ட் வச்சவங்களுக்கு 55க்கு கீழ இருக்கணும்னு இப்ப சொல்றாங்க, அதனால 80 ஆக்கிட்டாங்க. ஆறு வாரம் கழிச்சுப் பாத்தா 78. மாத்திரை டபுள், இறங்கினது எட்டே எட்டு பாயிண்ட்!

ஏன் அப்படின்னா, அட்டோர்வாஸ்டேட்டின் சேர்ந்த ஸ்டேட்டின் வகை மாத்திரை எப்படி வேலை செய்யுதுன்னு தெரியணும். நெறைய பேரு அது ரத்தத்துல இருக்கற கொழுப்பக் கரைக்குதுன்னு நெனைச்சிட்டிருக்காங்க, அதெல்லாம் இல்ல. கல்லீரல் தானே கொலஸ்ட்ரால் தயாரிக்குது, அந்தத் தயாரிப்புல ஹெச்எம்ஜி-கோஏ ரிடக்டேஸ்னு ஒரு என்சைம் இருக்கு, ஸ்டேட்டின் அதத் தடுக்குது. உள்ள கொலஸ்ட்ரால் கொறைஞ்சதும் கல்லீரல் செல்லு தன் மேல்பரப்புல எல்டிஎல் ரிசப்டர நெறைய கொண்டு வந்து வச்சு, ரத்தத்துல ஓடற எல்டிஎல்லப் பிடிச்சு உள்ள இழுக்குது. ரத்தத்துல எல்டிஎல் இறங்கறது இதனாலதான். ஆனா ரிசப்டர கூட்டச் சொல்ற அதே சிக்னல், பிசிஎஸ்கே9ங்கற புரோட்டீனையும் கூட்டிடும், அது அந்த ரிசப்டரயே அழிக்க அனுப்பற புரோட்டீன். செல்லு அந்த என்சைமையும் கூடுதலா தயாரிக்க ஆரம்பிச்சிடும். அதனாலதான் முதல் டோஸ்ல பெருசா இறங்கும், அப்புறம் ஒவ்வொரு தடவை டபுள் பண்ணும்போதும் சுமாரா 6 சதவீதம்தான் கூடுதலா இறங்கும். சைடு எஃபெக்ட் மட்டும் டோஸோட சேர்ந்து ஏறும்.

எசிட்டிமைப் 10னு ஒரு மாத்திரை இருக்கே, அது வேற இடத்துல வேலை பண்ணுது, குடல்ல கொலஸ்ட்ரால் உறிஞ்சறதத் தடுக்குது. ஸ்டேட்டினோட சேர்த்தா இன்னும் 20 சதவீதத்துக்குப் பக்கம் இறங்கும். 2015ல வந்த இம்ப்ரூவ்-இட் ஆய்வுல, ஹார்ட் பிரச்சினை வந்தவங்களுக்கு சிம்வாஸ்டேட்டினோட இதச் சேர்த்தா அட்டாக்கு கொஞ்சம் கொறையுதுன்னும் காட்டிட்டாங்க, பெரிய வித்தியாசம் இல்ல ஆனா நெஜமான வித்தியாசம். அப்புறமும் 80 80ன்னு எழுதறது ஏன்னு எனக்குப் புரியல. அட்டாக் வந்த புதுசுல 80 குடுக்கறதுக்கு ஆதாரம் இருக்கு, அத நான் மறுக்கல, ஆனா ஸ்டெடியா இருக்கற ஆளுக்கு எண்ணு கொஞ்சம் பாக்கி இருக்குன்னு ஏத்தறது வேற.

சரி, அண்ணன் கதைக்கு வரேன். 80 ஆக்கி ரெண்டு மாசத்துல ரெண்டு தொடையும் வலி, மார்க்கெட்டுல இருந்து வீட்டுக்கு ஏற முடியல. யாரோ வாட்ஸ்அப்ல அனுப்பினதப் படிச்சுட்டு அவரே நிறுத்திட்டாரு. கடைக்கு பிரஷர் மாத்திரை வாங்க வந்தப்ப "அண்ணே, அட்டோர்வா வேணாங்களா"ன்னு கேட்டேன், "அது சதையத் திங்குதாம்பா, விட்டுட்டேன்"னாரு. டெஸ்ட் எடுக்கச் சொன்னா எல்டிஎல் 158. ஸ்டென்ட் வச்ச ஆளு!

இங்க ஒரு ஆய்வச் சொல்லியே ஆகணும். 2020ல லண்டன்ல சாம்சன்னு ஒண்ணு பண்ணாங்க. சைடு எஃபெக்ட்டால ஸ்டேட்டின விட்ட 60 பேருக்கு, ஒரு மாசம் ஸ்டேட்டின், ஒரு மாசம் டம்மி மாத்திரை, ஒரு மாசம் ஒண்ணுமே இல்லன்னு மாத்தி மாத்தி குடுத்து, தினமும் தொந்தரவுக்கு நூத்துக்கு மார்க் போடச் சொன்னாங்க. மாத்திரை இல்லாத மாசம் சராசரி 8, ஸ்டேட்டின் மாசம் 16.3, டம்மி மாசம் 15.4. அவங்க வலி பொய்யில்ல, வலி இருந்துச்சு, ஆனா அதுல பெரும்பகுதி மாத்திரை முழுங்கறோங்கற பயத்துல வந்தது. இதச் சொன்னதும் அவங்கள்ல பாதிப் பேரு மறுபடி ஸ்டேட்டின ஆரம்பிச்சுட்டாங்க.

அதுக்காக எல்லாமே மனசுதான்னு ஒதுக்கவும் கூடாது. அண்ணனோடது ரெண்டு தொடையிலயும் ஒரே மாதிரி, டோஸ் கூட்டினப்புறம் வந்தது, சந்தேகப்பட வேண்டிய வலிதான். டாக்டர்கிட்ட அனுப்பினேன், தசை பாதிப்பக் காட்டற சிகே டெஸ்ட்ல 640 வந்துச்சு, நார்மல் 200 சுமாருக்குள்ள இருக்கணும். பத்து மடங்கு தாண்டினாதான் பெரிய ஆபத்து, தசை சிதைஞ்சு மூத்திரம் கட்டன் டீ கலர்ல போகும், அப்படி ஆனா மாத்திரைய நிறுத்திட்டு அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடணும், அது ரொம்ப அபூர்வம். 2001ல செரிவாஸ்டேட்டின்னு ஒரு ஸ்டேட்டினையே இதுக்காக மார்க்கெட்ல இருந்து எடுத்தாங்க, ஜெம்ஃபிப்ரோசில்ங்கற இன்னொரு கொழுப்பு மாத்திரை கூட சேர்த்து சாப்பிட்டவங்களுக்குதான் அதிகமா ஆச்சு.

டாக்டரம்மா நல்லவங்க, சிகே மட்டும் பாக்காம தைராய்டும் பாத்தாங்க. டிஎஸ்ஹெச் 24, இவ்வளவு ஏறியிருந்தா தைராய்டு வேலை கொறைஞ்சிருக்குன்னு அர்த்தம்! இதுதான் மலையில இருக்கற சிக்கல். எப்பப் பாரு குளிருது, அசதியா இருக்கு, மலச்சிக்கல்னு ஒருத்தர் சொன்னா கீழ சமவெளியில தைராய்டான்னு கேப்பாங்க, இங்க ஸ்வெட்டர் போடுங்கன்னு சொல்லிடுவோம். தைராய்டு கொறைஞ்சா எல்டிஎல் ரிசப்டரும் கொறையும், அதனால கொலஸ்ட்ரால் தானா ஏறும், தசையும் நோஞ்சானா ஆகும், அது மேல ஸ்டேட்டின் போய் விழுந்தா வலி சீக்கிரம் வரும். ஸ்டேட்டின் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு டிஎஸ்ஹெச் பாக்கறது என்ன பெரிய செலவு?

அப்புறம் நடந்தது நேர்தான். தைராக்ஸின் போட்டு, ஸ்டேட்டின் இல்லாம விட்டு, வலி போயி சிகே நார்மலுக்கு வந்தப்புறம் ரோசுவாஸ்டேட்டின் 10, அதோட எசிட்டிமைப் 10. வலி திரும்பல. எல்டிஎல் 59.

நடுவுல கோஎன்சைம் க்யூ10 மாத்திரை கேட்டாரு, வித்தா எனக்குத்தான் லாபம், ஆனா அது ஸ்டேட்டின் வலியத் தீர்க்கும்னு உறுதியான ஆதாரம் இல்லன்னு சொல்லி அனுப்பிட்டேன். ரத்தத்துல இருக்கற இன்னொரு கொழுப்பான ட்ரைகிளிசரைடு 210 இருந்ததால ஃபெனோஃபைப்ரேட் சேர்க்கலாமான்னும் ஒரு பேச்சு வந்துச்சு. அது ட்ரைகிளிசரைட இறக்கும், ஆனா 2010ல வந்த அக்கார்ட் ஆய்வுல சுகர்காரங்களுக்கு ஸ்டேட்டினோட அதச் சேர்த்தும் அட்டாக்கு கொறையலன்னுதான் வந்துச்சு. டாக்டரம்மாவும் வேணாம்னுட்டாங்க, தைராய்டு சரியானா அதுவும் கொஞ்சம் இறங்கும்னாங்க.

இப்ப 55க்கு நாலு பாயிண்ட் பாக்கி. பிசிஎஸ்கே9ஐத் தடுக்கற ஊசி நல்லா இறக்கும், ஆனா விலை அவர் பென்ஷனுக்குத் தாங்காது. பெம்பிடோயிக் ஆசிட்னு ஒண்ணு இருக்கு, ஸ்டேட்டின் தடுக்கற அதே தயாரிப்ப கொஞ்சம் முன்னாடியே தடுக்குது, கல்லீரல்லதான் செயலுக்கு வரும், தசையில வராது, அதனால வலிக்கு பயப்படறவங்களுக்கு நல்லது. ஆனா யூரிக் ஆசிட ஏத்தும், அண்ணனுக்கு ஏற்கனவே யூரிக் ஆசிட் ஏறி கவுட்ல கால் கட்டைவிரல் வீங்கி ரெண்டு தடவை படுத்தாச்சு. ஆக கடைசியில ரோசுவா 10ஐ 20 ஆக்கிருக்காங்க, நான் மேல திட்டின அதே 6 சதவீதத்துக்காக. இவருக்குப் பாக்கி அவ்வளவுதான், தைராய்டும் சரியாயிடுச்சு, அதனால இத நான் குத்தம் சொல்ல மாட்டேன். ஆறு வாரத்துல எல்டிஎல், சிகே, டிஎஸ்ஹெச் மூணும் மறுபடி எடுக்கச் சொல்லிருக்காங்க.