கீவேர்ட்ஸ் டேக் பக்கத்தை மேலே ஏற்றுமா?

“மெட்டா கீவேர்ட்ஸில் 50 சொல் போட்டால் போதும், கூகுளில் முதலில் வந்துவிடும்.”

இது தவறு. பக்கத்தின் HTML-இல் தேடல் சொற்களைப் பட்டியலிடும் அந்த டேக்கைத் தேடல் வரிசைக்குப் பார்ப்பதே இல்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது. அந்த நேரத்தைத் தலைப்புக்குச் செலவிடுங்கள். சின்ன தளங்களில் நான் அடிக்கடி பார்ப்பது, எல்லாப் பக்கத்துக்கும் “முகப்பு” என்ற ஒரே தலைப்பு. எது எதைப் பற்றியது என்று தேடுபொறிக்கு எப்படிப் புரியும்? சைக்கிள் செயின் பற்றிய பக்கம் என்றால் இப்படி எழுதலாம்:

```
<title>கழன்ற சைக்கிள் செயினை மாட்டும் முறை</title>
<meta name="description" content="கருவி இல்லாமல் செயினை மாட்டுவது, மறுபடி கழலாமல் பார்த்துக்கொள்வது.">
```

டிஸ்கிரிப்ஷனும் பக்கத்தை மேலே ஏற்றாது. ஆனால் தேடல் முடிவில் தலைப்புக்குக் கீழே பல நேரம் அதுதான் தெரியும். படித்துப் பார்த்துத்தான் ஆள் உள்ளே வருகிறார். அது தேடிய கேள்விக்குப் பொருந்தாவிட்டால், பக்கத்திலிருந்தே வேறு வரியை கூகுள் எடுத்துக் காட்டிவிடும்.