ஆறு மணிக்கு இங்கே ஏதம்மா அந்தி?

போன வெள்ளிக்கிழமை கோயில் திருவிளக்கு பூசையில் நடந்ததைப் பார்த்தவர்கள் பார்த்தீர்கள், மற்றவர்கள் வாட்சாப்பில் கேட்டிருப்பீர்கள். "6 மணிக்கு மேல் விளக்கேற்றினால் பலன் இல்லை. அதோடு, தமிழில் பாடுவதெல்லாம் மந்திரம் ஆகாது" என்று மைக்கில் சொன்னார் அந்த அம்மையார். முதல் வரிசையில் என் அம்மா உட்கார்ந்திருந்தார்.

வெள்ளிக்கிழமை மகாலட்சுமிக்கும் அம்பாளுக்கும் உரிய நாள். அந்தியில் அவள் வாசல் வழியே வருவாள் என்று நம்பித்தான் பின்கதவைச் சாத்தி, முன்வாசலைத் திறந்து விளக்கேற்றுகிறோம். கணக்கு அந்திக்குத்தான், கடிகாரத்துக்கு அல்ல. தமிழ்நாட்டில் 6 மணி சுமாருக்குப் பொழுது சாயும். இங்கே தீபகற்ப மலேசியாவில் சாய்வது 7.15 சுமாருக்கு. 6 மணிக்குக் கொடியில் துணி காய்ந்துகொண்டிருக்கும்! 1982 ஜனவரி 1-இல் இங்கே கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளினார்கள். மகாலட்சுமியும் அன்றைக்குத் தன் கடிகாரத்தைத் தள்ளி வைத்தாளா என்ன?

லயத்து வீட்டில் அம்மா வியாழன் மாலையே விளக்கைப் புளி போட்டுத் தேய்த்துவிடுவார், வெள்ளியன்று தேய்க்கக் கூடாது என்று. துணியால் துடைத்து இரவு முழுக்கக் கவிழ்த்து வைப்பார். குழியில் ஒரு சொட்டுத் தண்ணீர் தங்கினாலும் மறுநாள் சுடர் படபடவென்று வெடிக்கும். மஞ்சள், குங்குமம் வைத்து, முதலில் நல்லெண்ணெய், அப்புறம் இரண்டு திரியைச் சேர்த்து முறுக்கிப் போடுவார். நுனி நீண்டால் புகையும், கொஞ்சம் உள்ளே இழுப்பார். பால் மரம் வெட்டி வெட்டிக் காய்த்துப்போன அந்த விரலால் இழுத்துக்கொண்டே பாடுவார்:

விளக்கே திருவிளக்கே வேந்தன் உடன்பிறப்பே
ஜோதி மணிவிளக்கே ஸ்ரீதேவி பொன்மணியே
அந்தி விளக்கே அலங்கார நாயகியே

'அந்தி விளக்கே.' பாட்டிலேயே இருக்கிறது, அம்மையாரே. 'ஆறு மணி விளக்கே' என்று இல்லை.

"அப்போ சமஸ்கிருதம் வேண்டாமா?" என்று கேட்க வருவீர்கள். யார் சொன்னது? நானே 'சுபம் கரோதி கல்யாணம்' சொல்கிறவள்தான். அதில் 'சத்ரு புத்தி விநாசாய' என்று வருகிறதே, பகை எண்ணம் அழியட்டும் என்று அர்த்தம். அதைக் கணீரென்று சொல்லி முடித்த கையோடுதான் ஒரு கிழவியின் பாட்டை மட்டம் தட்டினீர்கள். உச்சரிப்பு மட்டும் சுத்தம்.

"பெரியவங்க நல்லதுக்குத்தானே சொன்னாங்க" என்று ஒரு கூட்டம் வரும். நல்லதை மைக் இல்லாமல் சொல்லத் தெரியாதா?

அந்தப் பாட்டில் 'மாளிகையும்தான் விளங்க' என்று ஒரு இடம் வரும். இரண்டு அறை, தகரக் கூரை, மழை வந்தால் மூலையில் வாளி. அதைத்தான் அம்மா மாளிகை என்று பாடினார். 'பட்டி நிறையப் பால் பசு' கேட்டார். எங்களிடம் இருந்தது ஒரு கோழிக்கூடு.

இந்த வெள்ளி 7.15க்கு விளக்கேற்றினார். உதடு மட்டும் அசைந்தது, சத்தம் வரவில்லை. "ஏம்மா, பாடலையா?" என்றேன். "தப்பா இருக்கப் போவுது" என்று திரியை உள்ளே இழுத்தார்.